அடுத்தவர் சரக்கு, உங்கள் பொறுப்பு: டெல் கிரெடரே கொமிசனும் முகவரின் கணக்குக் கொப்பியும்

கொழும்பில் அலுமினியப் பானை செய்யும் ஒருவர் தன் சரக்கை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிறார். நீங்கள் யாழ் நகரில் கடையும் களஞ்சியமும் வைத்திருப்பவர். அந்தப் பானைகளை நீங்கள் வாங்கவில்லை. அவருக்காக விற்றுக் கொடுத்து, விற்ற தொகையில் கொமிசன் எடுக்கிறீர்கள். இவ்வளவும் சாதாரண முகவர் வியாபாரம். சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் உள்ள கடைகளுக்குக் கடனுக்குக் கொடுக்கும்போதுதான் கேள்வி வருகிறது: கடைக்காரர் காசு தராவிட்டால் நட்டம் யாருக்கு?

சாதாரண முகவர் என்றால் நட்டம் சரக்குக்காரருக்கு. நீங்கள் ஒழுங்காக விற்று, ஒழுங்காகக் கேட்டு, வராவிட்டால் அவருக்கு அறிவித்துவிடலாம். “கடைக்காரர் தராவிட்டால் நான் தருவேன்” என்று நீங்கள் பொறுப்பேற்று, அதற்கென்று மேலதிகமாக ஒரு கொமிசன் வாங்கினால், அதுதான் டெல் கிரெடரே கொமிசன். இந்தக் கட்டுரையில் அதை உத்தரவாதக் கொமிசன் என்று எழுதுகிறேன். அதை ஏற்ற நாளிலிருந்து உங்கள் கொப்பியில் சில பதிவுகள் இடம் மாறும். முதன்முறை முகவராக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடமாற்றத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே ஒரே ஒரு லொறிச் சரக்கை எடுத்துத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை எழுதிக் காட்டுகிறேன்.

இங்கே வரவு என்பது கணக்கின் இடப்பக்கம், செலவு என்பது வலப்பக்கம். இலங்கைப் பாடநூல்களின் வழக்கு இது. தமிழ்நாட்டு நூலில் படித்தவர்கள் வரவைப் பற்று என்றும், செலவை வரவு என்றும் மாற்றிப் படிக்கவும்.

படி 1: சரக்கு வருமுன் தாளில் எழுதவேண்டியவை

கொமிசன் வீதத்தை எல்லோரும் பேசிக்கொள்வார்கள். அது எந்தத் தொகையின் மீது என்பதைப் பேசாமல் விட்டுவிடுவார்கள். எங்கள் உதாரணத்தில் சாதாரணக் கொமிசன் மொத்த விற்பனையில் நூற்றுக்கு 5. உத்தரவாதக் கொமிசன் நூற்றுக்கு 2. இந்த 2 வீதம் மொத்த விற்பனையின் மீதா, கடன் விற்பனையின் மீது மட்டுமா? பரீட்சைக் கேள்விகளில் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் மொத்த விற்பனையின் மீது கணிப்பது வழக்கம். காசு விற்பனையில் எந்த ஆபத்தும் இல்லை என்பதால், வியாபாரத்தில் சரக்குக்காரர் பலர் கடன் விற்பனைக்கு மட்டும்தான் தருவோம் என்பார்கள். இரண்டும் சரியே, எழுதாமல் விடுவதுதான் பிழை. இந்த உதாரணத்தில் கடன் விற்பனையின் மீது மட்டும் என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, நீங்கள் எப்போது காசு அனுப்பவேண்டும். விற்ற உடனேயா, கடைக்காரரின் தவணை முடிந்த பின்னரா? பொறுப்பு உங்களுடையது என்பதால் மட்டும் கடைக்காரர் தருமுன் உங்கள் கைக்காசை அனுப்பவேண்டும் என்று ஆகாது. அதையும் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் உதாரணத்தில் கடைகளுக்கு 30 நாள் தவணை. முகவர் ஓகஸ்ட் 31க்குள் ஜூலை விற்பனைக்குரிய மீதியை அனுப்பவேண்டும்.

மூன்றாவது, யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை யார் தீர்மானிப்பது. பொறுப்பு உங்களுடையது என்றால் தீர்மானமும் உங்களுடையதாக இருக்கவேண்டும். “அந்தக் கடைக்கு நூறு பானை குடுங்கோ தம்பி, எனக்குத் தெரிஞ்ச ஆள்” என்று சரக்குக்காரர் தொலைபேசியில் சொன்னால், அந்த விற்பனை உத்தரவாதத்துக்கு வெளியே என்று எழுதி வாங்குங்கள். வாங்க முடியாவிட்டால் அந்தக் கடைக்குக் கொடுக்காதீர்கள். இதில் நான் தயவுதாட்சணியம் பார்க்கமாட்டேன்.

ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையில் வேலையை ஒப்படைப்பவருக்கும் முகவருக்கும் இடையிலான விடயத்தில் இங்கிலாந்துச் சட்டமே பொருந்தும் என்பது 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் குடியியற் சட்டக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவிலிருந்து வருகிறது. அடுத்தவர் கடனுக்குப் பிணை நிற்கும் வாக்குறுதி எழுத்தில், கையொப்பத்தோடு இருக்கவேண்டும் என்று பொதுவாகச் சொல்லப்படும் விதியை நம்பி, “நான் வாயால் சொன்னதுதானே” என்று சிலர் தைரியமாக இருப்பதுண்டு. டெல் கிரெடரே பொறுப்பு அந்த விதிக்குள் அடங்காது என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டன. எனவே வாய்ப்பேச்சு உங்களைக் கட்டலாம். ஆனால் எந்த அளவுக்குக் கட்டியது என்று காட்ட உங்களிடம் தாள் இருக்காது.

படி 2: லொறி வந்த அன்று

ஜூலை 4ஆம் திகதி 300 பானைகள் வருகின்றன. நல்லூர்த் திருவிழாவுக்கு முன் கடைகள் சரக்கு நிரப்பும் காலம். கூடவே வந்த தாளில் ஒரு பானை 2,000 ரூபா என்று விலையிட்டு மொத்தம் 600,000 என்று போட்டிருக்கிறது. இதைப் பார்த்ததும் கொள்வனவுக் கணக்கில் 600,000 என்று எழுதக் கை போகும். எழுதாதீர்கள்.

சரக்கு வந்ததற்கு உங்கள் பேரேட்டில் ஒரு சதப் பதிவும் இல்லை. சொத்து இன்னும் அவருடையது. அந்தத் தாள் உங்களுக்குக் கடன் சீட்டு அல்ல. குறைந்தபட்சம் எவ்வளவுக்கு விற்கலாம் என்று காட்டும் வழிகாட்டி. நீங்கள் எழுதவேண்டியது களஞ்சியக் கொப்பியில் மட்டும்: திகதி, 300 பானை, லொறிச் சீட்டு இலக்கம், உடைந்தோ நெளிந்தோ வந்தவை எத்தனை. நெளிந்தவற்றை அன்றே படம் எடுத்து அனுப்பிவிடுங்கள். பின்னர் கடைக்காரர் குறை சொல்லும்போது இந்தக் கொப்பிதான் பேசும்.

இந்தக் கொப்பியில் ரூபா நிரல் வேண்டாம். எண்ணிக்கை போதும். வந்தது, விற்றது, திரும்பி வந்தது, மீதி என்று நான்கு நிரல்கள்.

படி 3: அவருக்காகக் கொடுத்த காசு

கொழும்பிலிருந்து வந்த லொறிக்கூலி இங்கே கொடுக்கும்படி வந்தது: 18,000. இறக்குகூலியும் களஞ்சியம் வரை கொண்டுபோன கூலியும் 4,000. இவை ஒப்பந்தப்படி சரக்குக்காரரின் செலவுகள். உங்கள் கடை வாடகையும் மின்கட்டணமும் உங்கள் செலவுகள். அவற்றை இதில் கலக்கக்கூடாது.

சரக்குக்காரர் கணக்கு வரவு 22,000
காசுக் கணக்கு செலவு 22,000

இங்கே வருவது உங்கள் செலவினக் கணக்கு அல்ல, சரக்குக்காரர் கணக்கு. அவர் உங்களுக்குத் தரவேண்டிய காசு என்று இதற்குப் பொருள். பற்றுச்சீட்டுகளை விற்பனை அறிக்கையோடு அனுப்பவேண்டியிருக்கும்; எண்ணிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் முற்பணம் கேட்டார். ஜூலை 6ஆம் திகதி 150,000 வங்கியால் அனுப்பினீர்கள். அதுவும் அதே விதம்: சரக்குக்காரர் கணக்கு வரவு, வங்கிக் கணக்கு செலவு. இந்த நிலையில் அவர் உங்களுக்கு 172,000 தரவேண்டியவராக நிற்கிறார். விற்பனை தொடங்கியதும் நிலை மாறும்.

படி 4: விற்பனை

ஜூலை மாதத்தில் 240 பானைகள் விற்றன, ஒன்று 2,500 ரூபாப்படி. இவற்றில் 80 பானைகள் கைக்காசுக்கு, 200,000. மீதி 160 பானைகள் கடனுக்கு: சுன்னாகத்துக் கடைக்கு 60, நெல்லியடிக் கடைக்கு 60, சாவகச்சேரிக் கடைக்கு 40. அதாவது 150,000, 150,000, 100,000.

காசு விற்பனைக்குக் காசுக் கணக்கு வரவு, சரக்குக்காரர் கணக்கு செலவு, 200,000. உங்கள் விற்பனைக் கணக்கு இங்கே வராது. விற்ற தொகை உங்கள் வருமானம் அல்ல. கொமிசன் மட்டுமே உங்கள் வருமானம். இலங்கையில் நடைமுறையில் உள்ள வருமானம் பற்றிய கணக்கீட்டு நியமமான எஸ்.எல்.எப்.ஆர்.எஸ் 15உம், முகவராக நிற்பவர் தன் கொமிசனை மட்டுமே வருமானமாகக் காட்டவேண்டும் என்றே சொல்கிறது. 600,000ஐ விற்பனை என்று காட்டினால் உங்கள் புரள்வு பொய்யாக ஊதி நிற்கும். வரி அலுவலரோடு பிறகு அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

கடன் விற்பனைக்கு:

கடன்பட்டோர் – சுன்னாகம் வரவு 150,000
கடன்பட்டோர் – நெல்லியடி வரவு 150,000
கடன்பட்டோர் – சாவகச்சேரி வரவு 100,000
சரக்குக்காரர் கணக்கு செலவு 400,000

இந்தப் பதிவின் பொருளை ஆறுதலாக யோசியுங்கள். கடைகள் இன்னும் ஒரு சதமும் தரவில்லை. ஆனாலும் சரக்குக்காரருக்கு நீங்கள் 400,000க்குப் பொறுப்பு என்று எழுதிவிட்டீர்கள். உத்தரவாதம் இல்லாத முகவரும் இதே பதிவைப் போடக்கூடும். ஆனால் கடை தராதுவிட்டால் சரக்குக்காரர் கணக்கை வரவு வைத்து அந்தக் கடனைத் திருப்பி அவரிடமே தள்ளிவிடுவார். உங்களுக்கு அந்தத் திரும்பும் பாதை அடைபட்டுவிட்டது. அந்தப் பாதையை மூடியதற்கான கூலிதான் 2 வீதம்.

கடன்பட்டோர் கொப்பியில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம் வைத்து, தவணை முடியும் திகதியைத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். சாவகச்சேரிக் கடைக்காரர் பின்திகதியிட்ட காசோலை தந்தால், அதை வாங்கிய அன்று வங்கிக் கணக்கில் எழுதக்கூடாது. காசோலைப் பட்டியலில் மட்டும் எழுதிவைத்து, வங்கியில் இட்ட அன்றுதான் பதிவு போடவேண்டும். காசோலை கையில் இருப்பதைக் காசு வந்ததாக எழுதிவிட்டால், கொப்பியில் அந்தக் கடை கடன் இல்லாத கடையாகத் தெரியும். அதை நம்பி அடுத்த சரக்கையும் கொடுத்துவிடுவீர்கள்.

படி 5: கொமிசனும் விற்பனை அறிக்கையும்

ஜூலை 31இல் கொமிசனை எழுதுகிறோம். 600,000க்கு 5 வீதம் 30,000. கடன் விற்பனை 400,000க்கு 2 வீதம் 8,000. இரண்டையும் ஒரே கணக்கில் போடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் பிரித்துப் போடச் சொல்வேன். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

சரக்குக்காரர் கணக்கு வரவு 38,000
கொமிசன் கணக்கு செலவு 30,000
உத்தரவாதக் கொமிசன் கணக்கு செலவு 8,000

இப்போது சரக்குக்காரர் கணக்கைப் பாருங்கள். வலப்பக்கத்தில் காசு விற்பனை 200,000உம் கடன் விற்பனை 400,000உம் சேர்ந்து 600,000. இடப்பக்கத்தில் செலவுகள் 22,000, முற்பணம் 150,000, கொமிசன் 30,000, உத்தரவாதக் கொமிசன் 8,000, மொத்தம் 210,000. மீதி 390,000. இதுதான் நீங்கள் அவருக்குக் கொடுக்கவேண்டியது.

இதே எண்களை ஒரு தாளில் எழுதி அனுப்புவதே விற்பனை அறிக்கை. விற்ற எண்ணிக்கையும் விலையும், கழித்த செலவுகள், இரண்டு கொமிசன்களும் வெவ்வேறு வரிகளில், முற்பணம், மீதி, கடைசி வரியில் “விற்காத சரக்கு 60 பானை” என்பது. இந்தக் கடைசி வரியை விடாதீர்கள். களஞ்சியக் கொப்பியில் 300 கழித்தல் 240, மீதி 60. களஞ்சியத்தில் போய் எண்ணினாலும் 60 இருக்கவேண்டும். இருக்காவிட்டால் விற்றதொன்று கொப்பியில் ஏறவில்லை அல்லது பானை காணாமற்போயிருக்கிறது. அறிக்கையில் கையொப்பமிடுமுன் இதைக் கண்டுபிடிக்கவேண்டும்.

படி 6: கடை தராதபோது

ஓகஸ்ட் மாதம் சுன்னாகத்துக் கடை 150,000உம் முழுமையாகத் தந்தது. நெல்லியடியும் தந்தது. சாவகச்சேரிக் கடை 55,000 காசாகத் தந்து, மீதி 45,000க்கு ஓகஸ்ட் 20ஆம் திகதியிட்ட காசோலை கொடுத்தது. அந்தக் காசோலை திரும்பி வந்தது. போய்ப் பார்த்தால் கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரரும் அவர்மேல் காசு எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

கொழும்புக்குத் தொலைபேசி எடுக்கிறீர்கள். “அண்ணை, சாவகச்சேரிக் கடை பூட்டிப்போட்டுது.”

“அதுக்குத்தானே தம்பி ரெண்டு வீதம் தந்தனான்.”

அவர் சொல்வது நியாயம். இந்த இடத்தில் புதியவர் பலர் கோபத்தில் அல்லது குழப்பத்தில் சரக்குக்காரர் கணக்கை 45,000க்கு வரவு வைத்து, 345,000 மட்டும் அனுப்பிவிடுவார்கள். அது ஒப்பந்தத்தை மீறுவது. உத்தரவாதக் கொமிசன் வாங்கிய முகவரின் கொப்பியில் சரியான பதிவு:

அறவிடமுடியாக் கடன் கணக்கு வரவு 45,000
கடன்பட்டோர் – சாவகச்சேரி செலவு 45,000

சரக்குக்காரர் கணக்கில் ஒன்றும் மாறாது. அவருக்கு அதே 390,000. மாத முடிவில் அறவிடமுடியாக் கடனை உத்தரவாதக் கொமிசன் கணக்குக்கு மாற்றுங்கள். அந்தக் கணக்கில் வலப்பக்கம் 8,000, இடப்பக்கம் 45,000, 37,000 நட்டம். கொமிசன் கணக்கில் 30,000 இலாபம். இரண்டையும் சேர்த்தால் இந்தச் சரக்கில் நீங்கள் 7,000 இழந்திருக்கிறீர்கள், அதுவும் கடை வாடகையையும் உங்கள் உழைப்பையும் எண்ணாமல்.

இரண்டு கொமிசன்களையும் பிரித்து எழுதச் சொன்னது இதற்காகத்தான். ஒரே கணக்கில் போட்டிருந்தால் “இந்த மாதம் கொமிசன் 7,000 நட்டம்” என்று மட்டும் தெரியும். பிரித்ததால், விற்றுக்கொடுத்த வேலையில் இலாபம் வந்தது, பொறுப்பேற்ற வேலையில்தான் நட்டம் வந்தது என்று தெரிகிறது.

கணக்குச் சரியா என்று காசை வைத்தே பார்க்கலாம். கையில் வந்த காசு: 200,000உம், 150,000உம், 150,000உம், 55,000உம் சேர்த்து 555,000. அவருக்காக ஏற்கனவே கொடுத்தது 22,000உம் 150,000உம். மீதி 383,000. அனுப்பவேண்டியது 390,000. குறையும் 7,000ஐ உங்கள் சொந்தக் காசிலிருந்து போடவேண்டும். கொப்பி காட்டிய நட்டமும் இதே 7,000. இரண்டும் ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு பதிவு பிழைத்திருக்கிறது. முதலில் பின்திகதிக் காசோலைப் பட்டியலைப் பாருங்கள்.

உத்தரவாதம் ஏற்காமல் இருந்திருந்தால்? கொமிசன் 30,000 மட்டும். சரக்குக்காரர் மீதி 398,000. அதில் 45,000ஐக் கழித்து 353,000 அனுப்பியிருப்பீர்கள். அவருக்கு 37,000 குறைவு, உங்களுக்கு 37,000 கூட. அந்த 37,000தான் உத்தரவாதம் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிய நட்டம்.

படி 7: எல்லா நிலுவையும் உங்கள் தலையில் அல்ல

நெல்லியடிக் கடைக்காரர் முழுவதும் தந்தார் என்று மேலே எழுதினேன். அவர் தராமல், “ஆறு பானை அடியால் கசியுது, அதுக்குரிய 15,000 தரமாட்டன்” என்று நின்றிருந்தால் என்ன செய்வது?

உத்தரவாதம் கொடுத்தவர் எல்லா நிலுவைக்கும் பொறுப்பு என்று சரக்குக்காரர் சொல்லக்கூடும். அது சரியல்ல. டெல் கிரெடரே முகவர் ஏற்பது வாங்குபவரால் கொடுக்க முடியாமற்போகும் ஆபத்தை, அல்லது தொகை பற்றி வழக்கு இல்லாதபோது அவர் கொடுக்காமல் விடும் ஆபத்தை. சரக்கின் தரம் பற்றியோ ஒப்பந்தம் பற்றியோ வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் எழும் பிணக்கு முகவருடைய பொறுப்பு அல்ல. 1914ஆம் ஆண்டில் தோமஸ் கேப்ரியல் எதிர் சர்ச்சில் அன்ட் சிம் என்ற வழக்கில் இங்கிலாந்து நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது.

ஆகவே பானைகளைத் திரும்ப எடுத்து, கசிவைப் படமெடுத்து, சரக்குக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியபின் போடும் பதிவு இது:

சரக்குக்காரர் கணக்கு வரவு 15,000
கடன்பட்டோர் – நெல்லியடி செலவு 15,000

விற்பனை குறைந்ததால் கொமிசனும் குறையவேண்டும். 15,000க்கு 5 வீதம் 750, 2 வீதம் 300. இந்த 1,050ஐ இரண்டு கொமிசன் கணக்குகளிலும் வரவு வைத்து, சரக்குக்காரர் கணக்கைச் செலவு வைக்கிறீர்கள். அவருக்குக் கொடுக்கவேண்டியதில் நிகரமாக 13,950 குறையும். களஞ்சியக் கொப்பியில் ஆறு பானைகள் “திரும்பி வந்தது” நிரலில் ஏறவேண்டும். இதை மறந்தால் அடுத்த எண்ணிக்கையில் ஆறு பானைகள் கூடுதலாக நின்று உங்களைக் குழப்பும்.

ஒரு கவனம்: காசில்லாத கடைக்காரரும் சிலவேளை சரக்கில் குறை சொல்லுவார். குறை எப்போது சொல்லப்பட்டது என்று பாருங்கள். பானை போன கிழமையே சொன்னால் அது பெரும்பாலும் உண்மையான பிணக்கு. தவணை முடிந்து, மூன்றாவது முறை கேட்டபின் முதன்முறையாகக் கசிவு பற்றிப் பேசினால் அது காசில்லாக் கதை; அதைச் சரக்குக்காரர் கணக்கில் தள்ளப் பார்த்தால் அவர் ஏற்கமாட்டார், ஏற்கவும் வேண்டியதில்லை.

படி 8: ஆண்டு முடிவில்

மார்ச் 31இல் கணக்கு மூடும்போது விற்காத பானைகள் உங்கள் இருப்பில் வரக்கூடாது. வங்கிக் கடனுக்குக் கணக்கு கொடுப்பவர்கள் களஞ்சியத்தில் கண்டதையெல்லாம் இருப்பாகக் காட்ட ஆசைப்படுவதுண்டு. அடுத்தவர் சொத்தை உங்கள் சொத்தாகக் காட்டுவது அது.

கடன்பட்டோர் மட்டும் உங்கள் ஐந்தொகையில் நிற்பார்கள், ஏனெனில் அவர்கள் தராவிட்டால் இழப்பது நீங்கள். தவணை தாண்டிய கடன்களுக்கு ஐயக்கடன் ஏற்பாடும் உங்கள் கணக்கிலேயே போடவேண்டும். சாவகச்சேரிக் காசோலை மார்ச் 28இல் திரும்பியிருந்து, கடை பூட்டியதா இல்லையா என்று இன்னும் தெரியாவிட்டால், கடனை அழிக்கவேண்டாம், ஏற்பாடு போடுங்கள். அந்த ஆண்டு வாங்கிய உத்தரவாதக் கொமிசன் முழுவதையும் செலவழித்துவிட்டு, அடுத்த ஆண்டு வரும் நட்டத்தை அடுத்த ஆண்டின் கொமிசனால் அடைக்க நினைத்தால் சுமை ஏறிக்கொண்டே போகும்.

படி 9: பூட்டிய கடையின் பின்னால் போவது

45,000ஐ அழித்துவிட்டதால் அதைக் கேட்கும் உரிமை போய்விடாது. சரக்குக்காரருக்கு நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். இனி அந்தக் கடைக்காரரிடம் கேட்பது உங்களுக்காக. பில் யாருடைய பெயரில் போட்டீர்கள் என்பது இங்கே முக்கியம். சரக்குக்காரரின் பெயரில் என்றால், அறவிடும் உரிமையை உங்களுக்கு மாற்றித் தரும் கடிதம் ஒன்றை அவரிடம் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

காலம் இங்கே இறுக்கமானது. வழக்குத் தொடரும் காலத்தை வரையறுக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, விற்றுக் கையளித்த சரக்குக்கும் கடைக் கொப்பிக் கடனுக்கும், கடன் கொடுபடவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கு வைக்கவேண்டும். “தைப்பொங்கலுக்குத் தாறன், சித்திரைக்குத் தாறன்” என்று கடைக்காரர் சொல்ல, கேட்டுக்கொண்டே இருந்தால் அந்த வருடம் ஓடிவிடும். கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்ட கடிதம் ஒன்றை அவரிடம் வாங்கிவைப்பது பெரிய பாதுகாப்பு. தொகை பெரிதென்றால் சட்டத்தரணியிடம் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே போங்கள்.

பின்னர் ஒரு நாள் அந்தக் கடைக்காரர் 10,000 தந்தால், காசுக் கணக்கு வரவு, அறவிடப்பட்ட அறவிடமுடியாக் கடன் கணக்கு செலவு. சரக்குக்காரருக்கு அதில் பங்கில்லை. அவர் கேட்டாலும் கொடுக்கவேண்டியதில்லை.

அடுத்த ஒப்பந்தத்தில் எத்தனை வீதம்?

2 வீதம் என்றால் நூறு ரூபாக் கடனில் இரண்டு ரூபா. அதாவது கடன் விற்பனையில் ஐம்பதில் ஒரு பங்கு மட்டும் மூழ்கினால் கொமிசன் சரிக்குச் சரி. சாவகச்சேரியின் 45,000ஐ இந்த 2 வீதத்தால் மட்டும் அடைக்க 2,250,000 ரூபாக் கடன் விற்பனை வேண்டும், அதிலும் வேறொரு கடையும் தவறாமல் இருக்கவேண்டும். 160 பானைகளுக்கு வாங்கிய 8,000 ரூபா மூன்று பானையின் விலைக்குச் சற்றுமேல்தான்.

ஆகவே ஆண்டு முடிவில் உங்கள் கொப்பியிலிருந்தே இரண்டு எண்களை எடுங்கள்: அந்த ஆண்டின் கடன் விற்பனை, அந்த ஆண்டில் உண்மையில் வராமற்போன தொகை. இரண்டாவதை முதலாவதால் வகுத்து வரும் வீதம் 2ஐத் தாண்டினால், அதே வீதத்தில் அடுத்த ஒப்பந்தத்தில் கையொப்பமிடாதீர்கள். வீதத்தைக் கூட்டிக் கேட்கலாம். ஒரு கடைக்கு இத்தனை ரூபாவுக்கு மேல் உத்தரவாதம் இல்லை என்று எல்லை வைக்கலாம். புதிய கடைகளுக்கு முதல் இரண்டு சரக்கைக் காசுக்கு மட்டும் கொடுக்கலாம். என் தெரிவு எல்லை வைப்பதுதான். வீதத்தைக் கூட்டிக் கேட்டால் சரக்குக்காரர் அடுத்த முகவரிடம் போய்விடக்கூடும். சாவகச்சேரிக் கடைக்கு உத்தரவாத எல்லை 50,000 என்று எழுதியிருந்தால், முதல் 20 பானைகளுக்குமேல் நீங்கள் பொறுப்பில் கொடுத்திருக்கமாட்டீர்கள். அவர் காசாகத் தந்த 55,000 அந்த 20 பானைகளின் விலையை முழுவதும் மூடியிருக்கும்.